வாப்பாவின் தகரப் பெட்டியில் இருந்த கடிதம்



2016-ஆம் ஆண்டு எங்கள் வாப்பா வஃபாத்தானார்கள். கீழக்கரை வீட்டில் அவர்களின் கட்டிலுக்கடியில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. நிலப் பத்திரங்களைத் தேடி அதைத் திறந்தபோது, அடியில் ரப்பர் வளையம் போட்டுக் கட்டிய கடிதக் கற்றை ஒன்று கிடைத்தது. எல்லாம் நாங்கள் துபாயிலிருந்து எழுதியவை. அவற்றுள் ஒன்று, 2008 செப்டம்பரில் எழுதப்பட்டது, எட்டு ஆண்டுகளாக எங்கள் வீட்டில் நடந்துவந்த ஒரு வழக்கைத் தீர்த்துவைத்தது. இருவருமே தோற்றோம்.

வழக்கு இதுதான். 2008-இல், மணமாகிய புதிதில், எங்களுள் கணவர் சென்னையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் பார்த்துவந்த வேலையை விட்டுவிட்டு, துபாயில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் கணக்கராகச் சேர்ந்தார். அடுத்த மார்ச்சுக்குள் உலகப் பொருளாதார நெருக்கடி துபாயின் கட்டுமானத் தொழிலை முடக்கிவிட்டது, வேலையும் போயிற்று. அதன் பின் எத்தனையோ இரவுகளில் இந்தப் பேச்சு எழுந்தது. "கட்டடத் தொழில் சரியும் என்று எனக்கு அப்போதே தெரியும், வேறு வழியில்லாமல்தான் போனேன்" என்பார் கணவர். "நான் வேண்டாம் என்றுதானே சொன்னேன் மச்சான்" என்பார் மனைவி. இருவரும் மனமறியப் பொய் சொல்லவில்லை. இருவருக்கும் அப்படித்தான் நினைவிருந்தது.

கடிதத்தில் கணவரின் கையெழுத்தில், இந்தக் கம்பெனிக்கு இன்னும் பத்து ஆண்டுகளுக்கு வேலை இருக்கிறது, கவலை வேண்டாம் என்று இருந்தது. அதற்குக் கீழே, மீதமிருந்த இடத்தில், மனைவி தம் மாமனாருக்கு நான்கு வரிகள் எழுதியிருந்தார்: வந்தது நல்லதாயிற்று மாமா, அவர்கள் தயங்கினார்கள், நான்தான் வற்புறுத்தினேன்.

வாப்பாவின் கட்டிலில் அமர்ந்து அதை மாறி மாறி மூன்று முறை படித்தோம். சிரிப்பு வந்தது, கொஞ்சம் அச்சமும் வந்தது. எட்டு ஆண்டுகளாக ஒருவரையொருவர் குற்றம் சொல்லிவந்தோம். அந்தக் குற்றச்சாட்டுக்கு அடிப்படையாக இருந்த நினைவுகள் நடந்தவையே அல்ல. அந்தத் தவறான நினைவுகளிலிருந்துதான் பாடமும் கற்றிருந்தோம். என் உள்ளுணர்வை நான் கேட்டிருக்க வேண்டும் என்பது கணவர் கற்ற பாடம். என் பேச்சை இவர் கேட்பதில்லை என்பது மனைவி கற்றது. அப்படியோர் உள்ளுணர்வும் இருக்கவில்லை. அப்படியொரு பேச்சும் நிகழவில்லை.

மனித மனத்தின் இந்த வழக்கத்துக்கு உளவியலில் ஒரு பெயர் இருப்பதைப் பின்னர் அறிந்தோம். தமிழில் பின்னறிவுச் சாய்வு எனலாம். பாருக் ஃபிஷ்ஹாஃப் என்பவரும் அவருடன் பணியாற்றிய ரூத் பெய்த்தும் 1975-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. 1972-இல் அமெரிக்க அதிபர் நிக்ஸன் பீஜிங்குக்கும் மாஸ்கோவுக்கும் செல்லவிருந்தபோது, அந்தப் பயணங்களில் என்னென்ன நிகழக்கூடும் என்று மாணவர்களிடம் ஒரு பட்டியலைக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு வாய்ப்பு என்று எண்ணால் குறிக்கச் சொன்னார்கள். பயணங்கள் முடிந்த பிறகு அதே மாணவர்களிடம், நீங்கள் முன்பு குறித்த எண் என்ன என்று கேட்டார்கள். நிகழ்ந்துவிட்டவற்றுக்கு, தாம் உண்மையில் குறித்ததைவிடப் பெரிய எண்ணைக் குறித்ததாகவே பெரும்பாலோர் நினைவுகூர்ந்தனர். முடிவு தெரிந்தவுடன், அது தெரியாமல் இருந்த மனநிலை அழிந்துபோகிறது. அதை மீட்கத் தாள் ஒன்றுதான் வழி. அந்த மாணவர்களின் தாள்கள் ஆய்வாளர்களிடம் இருந்தன. எங்கள் தாள் வாப்பாவின் பெட்டியில் இருந்தது.

ஊரிலிருந்து திரும்பியதும் ஒரு நீள நோட்டு வாங்கினோம். வேலை, இடமாற்றம், படிப்பு ஆகியவை பற்றி நாங்கள் எடுக்கும் ஒவ்வொரு முடிவையும், முடிவெடுத்த அன்றே அதில் எழுதுவதென்று வைத்துக்கொண்டோம்.

முதல் ஓராண்டு எழுதியதில் பாதிக்கு மேல் பயனற்றது என்பதையும் சொல்லிவிட வேண்டும். "நல்ல வாய்ப்பு, இன்ஷா அல்லாஹ் முன்னேற்றம் இருக்கும்" என்பது போல எழுதி வைத்திருந்தோம். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், அது நடந்ததா இல்லையா என்று சொல்ல முடியவில்லை. எது நிகழ்ந்தாலும் அதற்குப் பொருந்திப்போகும் வாக்கியம் அது. அதன் பிறகுதான் எதிர்பார்ப்பை எண்ணாகவும் தேதியாகவும் எழுதத் தொடங்கினோம்: இன்ன தேதிக்குள் இன்னது நடக்கும், நூற்றுக்கு இத்தனை. எண் போடக் கூசியது. மறைவானவற்றின் ஞானம் அல்லாஹ்வுக்கு மட்டுமே உரியதல்லவா என்ற தயக்கம் அது. ஆனால் அந்த எண் நாளை நடப்பதைச் சொல்வதில்லை. இன்று நாம் எவ்வளவு உறுதியாக நம்புகிறோம் என்பதை மட்டுமே சொல்கிறது. நம்முடைய நம்பிக்கையின் அளவை நாம் ஒப்புக்கொள்வதில் தவறில்லை என்று தெளிந்தோம்.

இன்னொன்றும் கற்றோம். இருவரும் சேர்ந்து அமர்ந்து எழுதினால் முதலில் பேசியவரின் எண்ணே இருவரின் எண்ணாகிவிடுகிறது. ஆகவே தனித்தனித் தாளில் எழுதி, இருவரும் முடித்த பின்னரே ஒருவர் தாளை ஒருவர் பார்ப்போம். இரண்டையும் நோட்டில் ஒட்டிவிடுவோம். பேனாவால் எழுத வேண்டும். அடித்துத் திருத்தக் கூடாது. பின்னர் தோன்றுவதைத் தேதியிட்டு ஓரத்தில் சேர்க்கலாம்.

இந்த நோட்டு எங்களுக்கு உண்மையில் உதவிய ஒரு முடிவை மட்டும் விரிவாகச் சொல்கிறோம்.

2018 பிப்ரவரி. கணவர் அப்போது துபாயில் ஒரு வியாபார நிறுவனத்தில் மாதம் 8,000 திர்ஹம் சம்பளத்தில் கணக்கர். நாங்கள் ஷார்ஜாவில் குடியிருந்தோம். மனைவி அங்கே ஒரு பள்ளியில் ஆசிரியை. மாதம் 2,800 திர்ஹம். குழந்தைகள் இருவர். ரியாதிலிருந்து ஒரு நிறுவனம் கணவரை 11,000 ரியாலுக்கு அழைத்தது. திர்ஹமும் ரியாலும் ஏறக்குறைய ஒரே மதிப்பு என்பதால், மாதம் மூவாயிரம் கூடுதல் என்றே முதலில் கண்ணுக்குப்பட்டது. ஊரில் கேட்டவர்கள் எல்லோரும் போகச் சொன்னார்கள்.

எழுதத் தொடங்கியபோது மூவாயிரம் கரைந்தது. சவூதியில் 2017 ஜூலையிலிருந்து, வெளிநாட்டுத் தொழிலாளியின் குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் மாதக் கட்டணம் விதிக்கப்பட்டிருந்தது. அது தலைக்கு 100 ரியாலில் தொடங்கி, ஒவ்வொரு ஜூலையிலும் நூறு நூறாக ஏறி, 2020-இல் 400 ஆகும் என்று முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள். எங்களுக்கு மூன்று தலை. அந்த ஜூலையிலிருந்து மாதம் 600, அடுத்த ஆண்டு 900, அதற்கடுத்த ஆண்டு 1,200. அங்கே போனால் மனைவியின் 2,800-ம் இல்லை. கூட்டிக் கழித்தால் ரியாதில் எங்கள் கையிருப்பு குறையவே செய்யும்.

அந்த ஆண்டு ஜனவரி முதல் தேதியன்று அமீரகத்தில் ஐந்து சதவீத மதிப்புக் கூட்டு வரி நடைமுறைக்கு வந்திருந்தது. அதைக் கற்றுக்கொண்ட கணக்கருக்கு மதிப்பு உயரும் என்றும் கணக்கிட்டோம். துபாயிலேயே இருப்பதென்று முடிவு செய்தோம். கணவர் எழுதியவை மூன்று. இப்போதைய நிறுவனம் அடுத்த இரண்டு ஆண்டுகள் ஒரு மாதமும் தவறாமல் சம்பளம் தரும்: நூற்றுக்கு 80. 2019 ஜூனுக்குள் சம்பளம் குறைந்தது ஆயிரம் திர்ஹம் உயரும்: 60. இரண்டாண்டு கழித்து, ரியாதுக்குப் போயிருக்கலாமே என்று வருந்துவோம்: 30. மனைவியின் தாளில் இவை முறையே 75, 40, 20. கணவர் தாளின் அடியில், மூன்று நாள் இஸ்திகாரா தொழுதேன், மனம் அமைதியாக இருக்கிறது என்றும் இருந்தது. திறந்து பார்க்க வேண்டிய தேதிகளையும் எழுதினோம்: 2019 ஜூலை, 2020 மார்ச்.

2019 ஜூலையில் திறந்தபோது சம்பளம் 500 திர்ஹம்தான் உயர்ந்திருந்தது. "உயர்ந்ததல்லவா" என்று கணவர் வாதிட்டார். ஆயிரம் என்று எழுதியிருந்ததால் வாதம் நிற்கவில்லை. நடக்கவில்லை என்று குறித்தோம்.

2020 மார்ச்சில் நோட்டைத் திறக்கும் மனநிலையில் யாரும் இருக்கவில்லை. ஏப்ரலில் சம்பளம் பாதியானது. கோடை விடுமுறையோடு மனைவியின் பள்ளி அவரது ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. ஆகஸ்டில் கணவரின் வேலையும் போய், நாடு திரும்புவோருக்கான சிறப்பு விமானம் ஒன்றில் ஊர் வந்து சேர்ந்தோம். அதே மாதத்தில், ரியாதில் அந்த வேலைக்கு எங்களுக்குப் பதிலாகப் போன நண்பர் இன்னும் முழுச் சம்பளம் வாங்குகிறார் என்று கேள்விப்பட்டோம்.

அந்த வாரங்களில் எங்கள் வீட்டில் 2008-இன் வழக்கு புதுப் பெயரில் மீண்டும் எழுந்தது. "இஸ்திகாரா தொழுதபோதே மனம் ஒப்பவில்லை, நாமாகத்தான் தள்ளிப்போட்டோம்" என்றார் கணவர். "ரியாதுக்குப் போகலாம் என்று நான் ஒருதடவை சொன்னேனே" என்றார் மனைவி.

நவம்பரில், மனம் சற்று ஆறிய பிறகு, நோட்டைத் திறந்தோம். திறப்பதற்கு முன், அன்று என்ன எண் எழுதினோம் என்று இருவரும் நினைவிலிருந்து ஒரு துண்டுத் தாளில் எழுதினோம். இந்த ஒரு படியை விட்டுவிட்டால் நோட்டின் பாதிப் பயன் போய்விடும். நேராகப் பக்கத்தைத் திறந்தால், ஆமாம், இப்படித்தான் நினைத்தோம் என்று மனம் உடனே அதையும் தனதாக்கிக்கொள்ளும். சம்பளம் தவறாது என்பதற்குத் தாம் 50 எழுதியதாகக் கணவருக்கு நினைவு. தாளில் இருந்தது 80. வருந்துவோம் என்பதற்குத் தாம் 60 எழுதியதாக மனைவி குறித்தார், தாளில் 20. இஸ்திகாராவுக்குப் பின் மனம் அமைதியாக இருக்கிறது என்ற வரியைக் கணவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தொழுகைக்குப் பின் மனத்தில் பட்டதன் நினைவைக்கூட, பின்னால் வந்த இழப்பு மாற்றி எழுதியிருந்தது.

இப்படித் திரும்பிப் பார்ப்பது மார்க்கம் தடுத்த காரியமோ என்ற ஐயம் எங்களுக்கு நெடுநாள் இருந்தது. அப்படிச் செய்திருந்தால் இப்படி ஆகியிருக்குமே என்று சொல்வதைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருப்பது யாவரும் அறிந்தது. ஊரில் ஒரு ஹஸ்ரத்திடம் நோட்டைக் காட்டியே கேட்டோம். கத்ரை நொந்துகொள்வதுதான் தடுக்கப்பட்டது. பயனுள்ளதில் முயற்சி செய் என்பதும் அதே ஹதீஸில்தான் வருகிறது என்றார்கள். பிறகு பக்கங்களைப் புரட்டிவிட்டு, கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லும் ஆயத்து அல்பகரா சூராவில் எவ்வளவு நீளமானது என்று நினைவூட்டினார்கள். எங்கள் நோட்டு கடன் பத்திரம் அல்லதான். ஆனால் உண்மையில், "அப்படிச் செய்திருந்தால்" என்ற பேச்சை எங்கள் வீட்டில் குறைத்ததே இந்த நோட்டுதான். நாங்கள் அன்று அறிந்திருந்தவற்றை வைத்துப் பார்த்தால், துபாயில் தங்கியது தவறான முடிவல்ல. தாளில் கணக்கு அப்படியே இருந்தது. பெருந்தொற்றை 2018-இல் யாரும் எண்ணால் குறித்திருக்க முடியாது. முடிவின் தரம் வேறு, விளைவு வேறு. வாயால் சொல்லிக்கொண்டால் இது வெறும் ஆறுதல். கையெழுத்தில் பார்த்தபோது நம்ப முடிந்தது.

ரியாத் நண்பரைப் பற்றியும் ஒன்று. தலைக் கட்டணம் ஏறியதும் அவர் 2019-லேயே குடும்பத்தை ஊருக்கு அனுப்பிவிட்டுத் தனியாக இருந்தார் என்பது பின்னர்தான் தெரிந்தது. நாங்கள் அவருடைய சம்பளத்தை மட்டும் நினைத்துப் பொருமிக்கொண்டிருந்தோம்.

இனி நோட்டு எங்களைக் கைவிட்ட இடத்துக்கு வருகிறோம். நவம்பரில் அந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது கணவர் சொன்னார்: "2018 ஜனவரியிலேயே எங்கள் நிறுவனம் சரக்குக் கொடுத்தவர்களின் காசோலைகளைத் தள்ளிப்போடத் தொடங்கிவிட்டது. அந்தப் பதிவுகள் என் கையால் போனவை." அப்படியானால் 80 என்பது பிழை, அவரே கண்ட அறிகுறியை அவரே எண்ணாமல் விட்டிருக்கிறார். ஆனால் தாளில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. உண்மையில் கண்டும் எழுதாமல் விட்டாரா? நிறுவனம் வீழ்ந்த பிறகு, 2019-இல் கண்ட ஒன்றை மனம் ஓராண்டு முன்னால் நகர்த்திவிட்டதா? எங்களால் சொல்ல முடியவில்லை, இன்றும் தெரியாது. நோட்டில் எழுதாத ஒன்றைப் பற்றி நினைவு சொல்லும் சாட்சியத்தை ஏற்பதில்லை என்று முடிவு செய்தோம். ஏற்றால், 2008-இன் வழக்கு போலத்தான் இதுவும் முடியும். அதற்குப் பதிலாக, அன்றிலிருந்து ஒவ்வொரு முடிவிலும் ஒரு வரியைச் சேர்த்தோம்: இப்போது மனத்தில் உறுத்துவது எது? ஒன்றும் உறுத்தவில்லையென்றால், ஒன்றுமில்லை என்று எழுத வேண்டும். வெற்றிடம் விடக் கூடாது.

இந்த வரி எளிதில் நிரம்புவதில்லை. முடிவெடுத்து மகிழ்ச்சியாக இருக்கும் நேரத்தில் உறுத்தலைத் தேடுவது அபசகுனம் பேசுவது போல இருக்கும். அதனால் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போடுவோம்: ஓராண்டு கழித்து இது பிழையாகிவிட்டது என்று வைத்துக்கொண்டால், காரணம் எதுவாக இருக்கும்? இப்படிக் கேட்டால் கை தானாக எழுதும். 2020 டிசம்பரில் மதுரையில் ஓர் அலுவலகத்தில் ஜி.எஸ்.டி. வேலைக்குச் சேர்ந்தபோது, அந்த வரியில் கணவர் எழுதியது: நேர்முகத்துக்குப் போன மூன்று தடவையும் வெவ்வேறு ஆட்கள் அந்த மேசையில் இருந்தார்கள். எட்டு மாதத்தில் அவரும் அங்கிருந்து விலகினார். இம்முறை, அப்போதே தெரியும் என்று அவர் சொன்னபோது மனைவி மறுக்கவில்லை; தாள் இருந்தது.

ஆண்டுகள் செல்லச் செல்ல இன்னொரு கணக்கும் கிடைத்தது. 2022 இறுதியில் எண்ணிப் பார்த்தபோது, தேதி முடிந்த கணிப்புகள் முப்பத்தொன்று இருந்தன. அவற்றுள் நாங்கள் எண்பதோ அதற்கு மேலோ போட்டவை பதினான்கு, நடந்தவை ஒன்பது. எண்பது என்றால் பதினொன்றாவது நடந்திருக்க வேண்டும். எண்ணிக்கை சிறியது, இதை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் தவறிய ஐந்தில் நான்கு ஒரே வகையைச் சேர்ந்தவை. எல்லாம் காலம் பற்றியவை: விசா இத்தனை நாளில் வரும், சான்றிதழ் அட்டெஸ்டேஷன் மாத இறுதிக்குள் முடியும், நிலுவைத் தொகை பெருநாளைக்குள் கைக்கு வரும். நிகழும் என்று நாங்கள் சொன்னவை பெரும்பாலும் நிகழ்ந்தன. சொன்ன தேதியில் நிகழவில்லை. இப்போது எந்தக் காரியத்துக்கும் எங்களுக்குத் தோன்றும் காலத்தை இரட்டிப்பாக்கியே கையிருப்பைத் திட்டமிடுகிறோம். வாழ்நாளில் வேலை மாற்றம் ஐந்தாறு தடவைதான் வரும் என்பதால், பெரிய முடிவுகளை மட்டும் எழுதினால் இதைக் கண்டிருக்க முடியாது. பயிற்சி வகுப்பில் சேர்வது, மேலாளரிடம் ஊதிய உயர்வு கேட்பது போன்ற சிறியவற்றையும் எழுதியதால்தான் தெரிந்தது.

நோட்டைச் சண்டையில் ஆயுதமாக எடுத்த நாள்களும் உண்டு. ஒரு தடவை, தேதி வருவதற்கு முன்னரே, இரவு பதினொரு மணிக்கு ஒருவர் அதை எடுத்துவந்து மற்றவர் முன் விரித்தார். யார் என்று எழுத வேண்டாம் என்று இருவரும் ஒப்புக்கொண்டிருக்கிறோம். அன்றிலிருந்து நோட்டு உம்மாவின் அலமாரியில் இருக்கிறது. எழுதவும், குறித்த தேதியில் திறக்கவும் மட்டுமே கேட்போம். உம்மா ஓதப் படிக்கத் தெரிந்தவர்கள். ஆனால் ஒருநாளும் அதைத் திறந்து பார்த்ததில்லை. "உங்க கணக்கு எனக்கெதுக்கு" என்பார்கள்.

சென்ற மாதம் ரியாதிலிருந்து மறுபடியும் ஓர் அழைப்பு வந்தது. வேறு நிறுவனம். இம்முறை கணவர் மட்டும் போவது, மனைவியும் பிள்ளைகளும் ஊரில் இருப்பது என்று பேச்சு. மூத்தவனுக்கு அடுத்த ஆண்டு பிளஸ் டூ தேர்வு. வெள்ளிக்கிழமை இஷாவுக்குப் பிறகு தனித்தனித் தாளில் எழுதினோம். இரண்டாண்டுகள் அங்கே நிலைக்கும் என்பதற்குக் கணவர் 65, மனைவி 40. உறுத்துவது எது என்ற வரியில் இருவரும் ஒரே ஆளின் பெயரை எழுதியிருந்தோம்: மூத்தவனின் பெயரை. இந்த இருபத்தைந்தின் இடைவெளி எங்கிருந்து வந்தது என்று இரண்டு நாள் பேசினோம். நிறுவனத்திடம் தேர்வு முடியும் வரை தவணை கேட்டிருக்கிறோம். தருவார்கள் என்பதற்கு இருவரும் 30 போட்டிருக்கிறோம். தாள்களை ஒட்டி, திறக்கும் தேதி எழுதி, நோட்டை உம்மாவிடம் கொடுத்துவிட்டோம்.